தண்ணீர் வரும் நேரமும் மோட்டார் நிறுத்தும் நேரமும்: நினைவூட்டல் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகராட்சிக் குழாயில் ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீர் முதலில் சம்ப்பில் இறங்கும், அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுவோம். இந்த அமைப்பில் எந்த நினைவூட்டலை எதோடு கட்டிவைக்க வேண்டும், எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதுதான் கீழே வரும் பெரும்பாலான கேள்விகளின் சாரம்.

ஆறு மணிக்கு மோட்டார் போட ஓர் அலாரம், ஆறரைக்கு நிறுத்த ஓர் அலாரம் வைத்திருக்கிறேன். அப்படியும் அவ்வப்போது தொட்டி வழிகிறது. ஏன்?

நிறுத்தச் சொல்லும் அலாரம் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கிறது. மோட்டாரோ நீங்கள் சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்துதான் ஓடுகிறது. ஐந்து ஐம்பதுக்கே போட்டுவிட்டால் ஆறரைக்குள் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும், தொட்டி எப்போதோ நிறைந்திருக்கும். இதைவிட மோசமானது தாமதமாகப் போடும் நாள். ஆறு இருபதுக்குப் போடுகிறீர்கள், ஆறரைக்கு அலாரம் அடிக்கிறது. பத்து நிமிடம்தானே ஓடியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று அலாரத்தை அணைத்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு நினைவூட்ட எதுவும் இல்லை. தொட்டி வழிந்த நாட்களை யோசித்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மாதிரி நாளாகத்தான் இருக்கும்.

அதனால் தொடங்குவதற்கு மட்டும் கடிகார அலாரம் வையுங்கள். நிறுத்துவதற்கு, போனில் உள்ள டைமரை சுவிட்ச் போடும்போதே ஓட விடுங்கள். ஒரு கை சுவிட்சில், இன்னொரு கை டைமரில். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய் டைமர் வைக்கலாம் என்று நினைத்தால், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். நான் டைமரை முதலில் தட்டிவிட்டு அப்புறம்தான் சுவிட்சைத் தொடுவேன். வரிசை மாறினால் மறதிக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

சரி, எத்தனை நிமிடம் வைப்பது? மோட்டார் மேல் எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடலாமா?

அது சரிவராது. மோட்டார் தகட்டில் இருக்கும் அளவு அந்தப் பம்பு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைச் சொல்கிறது. உங்கள் வீட்டு உயரத்துக்கு, உங்கள் குழாயின் வளைவுகளைத் தாண்டி எவ்வளவு ஏறுகிறது என்பது வேறு கணக்கு. ஒரே மோட்டார் முதல் மாடிக்கு வேகமாகவும் மூன்றாவது மாடிக்கு மெதுவாகவும் ஏற்றும். ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். சம்ப்பும் ஒரு நீளமான குச்சியும் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

ஒரு வீட்டின் கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். சம்ப்பின் உட்புறம் 1.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். பெருக்கினால் 1.8 சதுர மீட்டர். அப்படியென்றால் தண்ணீர் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 18 லிட்டர் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் வராத நேரமாகப் பார்த்து, குச்சியை நேராக அடிவரை இறக்கி ஈரம் ஏறிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக 10 நிமிடம் மோட்டாரை ஓட்டி நிறுத்துங்கள். மறுபடியும் குச்சியை இறக்குங்கள். இந்த வீட்டில் 18 சென்டிமீட்டர் இறங்கியது. 18 லிட்டரை 18-ஆல் பெருக்கினால் 324 லிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 32 லிட்டர்.

ஒரு தடவை அளந்ததோடு விடாதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மோட்டாரின் வேகமும் கொஞ்சம் மாறும். சம்ப்பில் தண்ணீர் கீழே போகப் போக ஏற்ற வேண்டிய உயரமும் கூடும். இந்த வீட்டில் மூன்று வெவ்வேறு நாட்களில் 31, 32, 34 லிட்டர் என்று வந்தது. இதில் சராசரியை எடுக்கக் கூடாது. தொட்டி வழியாமல் இருக்கத்தானே டைமர் வைக்கிறோம், அதனால் மிக வேகமாக ஏறிய 34-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்தொட்டி 1000 லிட்டர். அதில் இப்போது 400 லிட்டர் இருந்தால் இன்னும் 600 லிட்டர் பிடிக்கும். 600-ஐ 34-ஆல் வகுத்தால் பதினேழரை நிமிடத்துக்குச் சற்று மேல் வருகிறது. டைமரில் 17 நிமிடம் வையுங்கள். மோட்டார் மெதுவாக ஓடிய நாளில் 31 லிட்டர் வேகத்தில் 527 லிட்டர்தான் ஏறியிருக்கும், தொட்டி முழுசாக நிறைய 73 லிட்டர் குறையும். நாலைந்து வாளித் தண்ணீர். அது சம்ப்பிலேயேதான் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை.

மேல்தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தினமும் மாடி ஏறிப் பார்க்க முடியாதே?

ஏற வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் நிரப்புகிற வீட்டில் காலியாகும் அளவு பெரிதாக மாறாது. ஒரு வாரம் மட்டும் யாராவது மேலே நின்று பார்த்து, தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். அந்த வாரத்தின் மிகக் குறைந்த எண்தான் உங்கள் வழக்கமான டைமர். துணி துவைத்த நாளிலும் விருந்தாளி வந்த நாளிலும் கூடுதலாகக் காலியாகியிருக்கும். அன்றைக்கு வழக்கமான நிமிடம் முடிந்ததும் ஒருவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் மறுபடி போடலாம்.

இன்னொரு எண்ணும் கையில் இருக்கட்டும். தொட்டி அடிவரை காலியாக இருந்தாலும் 1000 லிட்டர் ஏற, 34 லிட்டர் வேகத்தில் 29 நிமிடம் போதும். அதாவது இந்த வீட்டில் எந்த நாளிலும் 29-க்கு மேல் டைமர் வைக்கக் காரணமே இல்லை. இந்த எண்ணை சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் சுவரிலேயே எழுதிவிடுங்கள். ஊரிலிருந்து வந்தவர் மோட்டார் போட்டாலும் அதைப் பார்த்துக்கொள்வார்.

தொட்டியின் வெளிப்புறம் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தி, கீழிருந்தே மட்டம் தெரிகிற மாதிரி செய்பவர்களும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். வெயிலில் பாசி பிடித்து மங்கிவிடும், அடிக்கடி கழுவ வேண்டும்.

சம்ப்பிலேயே தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் அதே 17 நிமிடம் வைக்கலாமா?

வைக்கவே கூடாது. தொட்டி வழிந்தால் தண்ணீர்தான் வீண். சம்ப் வற்றிய பிறகும் மோட்டார் ஓடினால் மோட்டாரே வீணாகும். பம்புக்குள்ளே சுழலும் தண்டைச் சுற்றி இருக்கும் சீல், ஓடுகிற தண்ணீரால்தான் குளிர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் சூடேறி அது கெட்டுவிடும். அப்புறம் பம்பின் கழுத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பிக்கும்.

மேலே சொன்ன அதே வீட்டில் சம்ப்பில் குச்சி வைத்துப் பார்த்தால் 50 சென்டிமீட்டர் தண்ணீர். உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் இன்னும் 10 சென்டிமீட்டராவது தண்ணீர் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஆக, எடுக்கக்கூடியது 20 சென்டிமீட்டர்தான், அதாவது 360 லிட்டர். 34-ஆல் வகுத்தால் பத்தரை நிமிடம் வருகிறது. டைமர் 10 நிமிடம். மேலே 600 லிட்டருக்கு இடம் இருக்கிறதே என்று 17 வைத்தால் கடைசி நிமிடங்களில் மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சும்.

எனவே இரண்டு கணக்கில் எது சின்னதோ அதைத்தான் டைமரில் வைக்க வேண்டும். தினமும் கணக்குப் போடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. குச்சியிலேயே நிமிடங்களைக் குறித்துவிடுங்கள். இந்த வீட்டுக் குச்சியில் 30 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு, அதற்குக் கீழே ஈரம் நின்றால் மோட்டார் போடக் கூடாது. 50-இல் '10' என்று எழுதியிருக்கிறது, 65-இல் '18'. குச்சியை இறக்கி எடுத்ததும் நிமிடம் தெரிந்துவிடுகிறது.

மோட்டார் காற்றைப் பிடித்துவிட்டதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரே சீராக வந்துகொண்டிருந்த கனமான சத்தம் திடீரென்று லேசாகி, குரல் உயர்ந்து, நடுநடுவே கடகடவென்று தட்டும். மேலே தொட்டியில் விழும் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பும். உடனே நிறுத்துங்கள்.

குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே மோட்டார் போட்டால் இன்னும் அதிக நேரம் ஓட்டலாம்தானே?

கணக்குப்படி ஓட்டலாம். இந்த வீட்டுச் சம்ப்பில் குழாய்த் தண்ணீர் 15 நிமிடத்தில் 10 சென்டிமீட்டர் ஏறுகிறது, அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். மோட்டார் 34 எடுக்க, 12 உள்ளே வந்தால் சம்ப் நிமிடத்துக்கு 22 லிட்டர்தான் குறையும். 360 லிட்டரும் 16 நிமிடம் தாங்கும். ஆனால் நடுவில் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் உங்கள் டைமருக்கு அது தெரியாது. அதனால் குழாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் 10 நிமிடம் என்றே வையுங்கள். அது முடிந்ததும் குச்சியைப் பார்த்து மறுபடி போடலாம்.

மோட்டாரை நேரடியாக நகராட்சிக் குழாயிலேயே இணைத்து உறிஞ்சும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அப்படி இழுக்கும்போது குழாயின் விரிசல்கள் வழியாக மண்ணிலும் சாக்கடையிலும் இருக்கும் நீர் உள்ளே வரும். அதைத்தான் நீங்களும் அடுத்த வீட்டாரும் குடிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஒரு நாள் ஐந்து ஐம்பதுக்கு வருகிறது, ஒரு நாள் ஆறு முப்பத்தைந்துக்கு வருகிறது. எந்த நேரத்துக்கு எழுப்பச் சொல்வது?

பலரும் மிக முந்தின நேரத்தையே அலாரமாக வைத்து, வராத தண்ணீருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் தண்ணீர் வருகிற ஏழெட்டு நாட்களுக்கு வந்த நேரம், நின்ற நேரம் இரண்டையும் எழுதுங்கள். வந்த நேரம் எல்லாரும் எழுதுவார்கள், நின்ற நேரத்தை விட்டுவிடுவார்கள். எழுப்புகிற நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

நம் வீட்டையே பார்ப்போம். எழுதி வைத்ததில் தண்ணீர் சீக்கிரமாக நின்ற நாள் 7.50. ஒரு நாளைக்குச் சம்ப்பில் 1000 லிட்டர் சேர்ந்தால் போதும். நிமிடத்துக்கு 12 லிட்டர் வருவதால் அதற்கு 83 நிமிடம் ஆகும். 7.50-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 6.27 வருகிறது. அதற்குள் வால்வைத் திறந்துவிட்டால் வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு 6.15-க்கு அலாரம். ஐந்து ஐம்பதுக்கே தண்ணீர் வந்த நாளிலும் ஒன்றும் நஷ்டமில்லை. ஆறு முப்பத்தைந்துக்கு வந்த நாளில் 75 நிமிடம் கிடைக்கும், 900 லிட்டர். அன்றைக்குக் கொஞ்சம் பார்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. அதே வீட்டுக்கு 1400 லிட்டர் வேண்டும் என்றால் 117 நிமிடம் ஆகும், அப்போது 5.50-க்கே எழுந்தாக வேண்டும்.

சம்ப் வால்வை இரவெல்லாம் திறந்து வைத்துவிட்டால் எழவே வேண்டாமே என்று கேட்பீர்கள். மிதவை வால்வு இருந்தால் சம்ப் வழியாது என்பது உண்மைதான். ஆனால் பல மணி நேரம் காலியாகக் கிடந்த குழாயில் முதலில் வருவது துரு, மண், சில சமயம் நாற்றம் எல்லாம் கலந்த தண்ணீர். முன்பக்கக் குழாயைத் திறந்து சில நிமிடம் வெளியே விட்டு, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, தெளிந்த பிறகு சம்ப்புக்குத் திருப்புவது நல்லது. அந்த முதல் தண்ணீரைச் செடிக்கு விடலாம். இதற்காகத்தான் ஆள் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வந்ததைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இன்றும் நன்றாக வேலை செய்கிறது. முன்பக்கக் குழாயை நூலளவு திறந்து, அடியில் காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வையுங்கள். முதலில் குழாயிலிருந்து காற்று 'உஸ்' என்று சீறும், அதற்கடுத்துத் தண்ணீர் பாத்திரத்தின் முதுகில் பட்டு டங்டங்கென்று கேட்கும். அலாரம் அடித்து விழித்தவர் படுத்தபடியே காத்திருக்க இது போதும். அலாரம் இல்லாமல் இதை மட்டும் நம்பித் தூங்கினால் தண்ணீர் வீணாக ஓடும்.

எங்களுக்கு ஒன்று விட்டு ஒரு நாள்தான் தண்ணீர். போன் அலாரத்தில் அதை வைக்க வழியே இல்லையே?

ஆமாம், திரும்பத் திரும்ப அடிக்கும் அலாரத்துக்குப் பெரும்பாலான போன்களின் கடிகாரத்தில் கிழமையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வாரத்துக்கு ஏழு நாள், ஒற்றைப்படை எண். அதனால் இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று வந்த தண்ணீர் அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி என்று மாறிவிடும். ஒற்றைப்படைத் தேதி என்று நினைவு வைத்துக்கொள்வதும் உதவாது. 31-ஆம் தேதியும் அடுத்த 1-ஆம் தேதியும் இரண்டுமே ஒற்றைப்படை.

காலண்டர் செயலியில் இது எளிது. ஒரு நிகழ்வை உருவாக்கி, திரும்பத் திரும்ப வருவதற்கான இடத்தில் `Custom` என்பதைத் தட்டி, இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று வையுங்கள். காலண்டர் கோப்பை நீங்களே எழுதுபவராக இருந்தால் வரி இப்படி இருக்கும்:

```
RRULE:FREQ=DAILY;INTERVAL=2
```

மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்றால் கடைசி எண்ணை 3 ஆக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காலண்டர் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு 'டிங்' சத்தத்தோடு முடிந்துவிடும், தூங்குகிறவரை எழுப்பாது. அதனால் காலண்டர் நிகழ்வை முந்தின நாள் இரவு 9 மணிக்கு வையுங்கள், 'நாளை தண்ணீர், அலாரம் வை' என்று. அந்த அறிவிப்பைப் பார்த்ததும் கடிகாரத்தில் அடுத்த நாள் காலைக்கு மட்டும் ஓர் அலாரம். இரண்டு படியாக இருந்தாலும் இது தவறுவதில்லை. அதே இரவு வேளையில் சம்ப்பில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டால் காலைக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

குழாய் வெடிப்பு என்று ஒரு நாள் தண்ணீர் வராமல், அடுத்த நாள் வந்தது. அதிலிருந்து முறையே மாறிவிட்டது. நினைவூட்டல் பழைய கணக்கிலேயே வருகிறது.

காலண்டருக்குத் தொடக்கத் தேதி மட்டும்தான் தெரியும். முறை மாறிய அன்றே பழைய நிகழ்வை அழித்துவிட்டு, கடைசியாகத் தண்ணீர் வந்த நாளை வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால், தண்ணீர் வராத நாட்களில் எழுப்பி எழுப்பி, நினைவூட்டலைக் கண்டுகொள்ளாமல் விடும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் வந்த பிறகு சரியான நாளில் அடித்தாலும் பயனில்லை.

`Todoist` என்ற வேலைப்பட்டியல் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதில் `every 2 days` என்று எழுதினால் தொடக்கத் தேதியிலிருந்து எண்ணும். ஆச்சரியக்குறி சேர்த்து `every! 2 days` என்று எழுதினால் நீங்கள் வேலையை முடித்ததாகக் குறித்த நாளிலிருந்து எண்ணும். தண்ணீர் பிடித்த அன்றைக்கே குறித்துவிட்டால் முறை தானாகவே நகர்ந்துகொள்ளும். மறந்துபோய் அடுத்த நாள் குறித்தால் ஒரு நாள் தள்ளிப்போய்விடும், அதை மட்டும் கவனியுங்கள்.

மோட்டார் ஓடும்போது கரண்ட் போய்விட்டால் டைமரை என்ன செய்வது?

போன உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, டைமரை நிறுத்தி வையுங்கள், அழிக்க வேண்டாம். கரண்ட் வந்ததும் மிச்ச நிமிடங்களோடு இரண்டையும் ஒன்றாகத் தொடங்கலாம். சுவிட்சை அணைப்பதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். சாதாரண சுவிட்சில் ஓடும் மோட்டார், கரண்ட் திரும்பியதும் யாரையும் கேட்காமல் ஓட ஆரம்பிக்கும். நீங்கள் வெளியே போயிருக்கலாம், தூங்கியும் இருக்கலாம். பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் இருக்கும் வீடுகளில் கரண்ட் போனால் அது விடுபட்டுவிடும், மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். அடிக்கடி கரண்ட் போகிற இடத்தில் அந்த ஸ்டார்ட்டரே பெரிய பாதுகாப்பு.

டைமர் அடித்தது, கையில் வேலை இருந்தது, அணைத்துவிட்டேன். அரை மணி கழித்துத்தான் மோட்டார் ஞாபகம் வந்தது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

எனக்கும் இது நடந்திருக்கிறது. குளித்துக்கொண்டிருந்தேன், ஈரக்கையோடு சத்தத்தை நிறுத்தினேன், தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது சுவரோரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விதி: அடிக்கிற சத்தத்தை மோட்டார் சுவிட்சுக்கு முன்னால் நின்றுதான் அணைக்க வேண்டும். எங்கே இருந்தாலும் போன் அடித்தபடியே சுவிட்சுவரை வர வேண்டும். முதலில் சுவிட்ச், அப்புறம் சத்தம். எரிச்சலாகத்தான் இருக்கும், அந்த எரிச்சல்தான் நம்மை நடக்க வைக்கிறது. 'ஸ்னூஸ்' வசதி உள்ள அலாரத்தை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

வீட்டில் நாலு பேர். ஒருவர் போட்டதை இன்னொருவர் நிறுத்துவார் என்று எல்லாரும் இருந்துவிடுகிறோம்.

சுவிட்ச் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, சிவப்புத் துணிக்கிளிப் ஒன்றை மாட்டி வையுங்கள். மோட்டார் போடுகிறவர் அந்தக் கிளிப்பை எடுத்துத் தன் சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகுதான் அது ஆணிக்குத் திரும்பும். வெளியே கிளம்ப வேண்டியிருந்தால் கிளிப்பை இன்னொருவர் உடையில் மாட்டிவிட்டு, டைமரில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆணியில் கிளிப் இல்லை என்றால் மோட்டார் ஓடுகிறது. இதற்கு எந்தச் செயலியும் வேண்டாம், எட்டு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்குச் சமையலறையில் முறுக்கிவிடும் டைமர் பொருத்தமானது. 17 நிமிடத்துக்கு நேராக நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அதைச் சமையலறையிலேயே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் கேட்காது, கூடவே எடுத்துப் போக வேண்டும்.

சில நாள் டைமர் முடிந்தும் போனில் சத்தமே வரவில்லை. ஏன்?

ஆண்ட்ராய்டு போனில் அழைப்பு ஒலிக்கும் அலார ஒலிக்கும் தனித்தனி அளவு உண்டு. அலாரத்தின் அளவைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். 'தொந்தரவு செய்யாதே' நிலையில் அலாரத்துக்கு விலக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐபோனில் டைமரின் `When Timer Ends` என்ற இடத்தில் `Stop Playing` தேர்வாகியிருந்தால், நேரம் முடிந்ததும் ஓடும் பாட்டை நிறுத்துமே தவிர மணி அடிக்காது. தூங்கும்போது பாட்டுக் கேட்க வைத்ததை மாற்ற மறந்திருப்பீர்கள். எதுவானாலும் ஒரு நிமிட டைமர் வைத்து ஒரு தடவை அடிக்கவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, நேரம் வைத்துத் தானாகவே நிறுத்தும் சுவிட்ச் வாங்கிவிடலாமே?

போட்ட நொடியிலிருந்து நிமிடங்களை எண்ணி நிறுத்தும் வகையை வாங்கலாம், 'காலை ஆறுக்குப் போடு, ஆறரைக்கு நிறுத்து' என்ற வகையை வாங்காதீர்கள். தண்ணீர் வராத நாளிலும் அது சரியாக ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிடும், காலிச் சம்ப்பில் மோட்டார் ஓடும்.

சுவரில் செருகும் ஸ்மார்ட் பிளக்கை நேரடியாக மோட்டாருக்குக் கொடுப்பதும் ஆபத்து. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சின்ன பிளக்கின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் அதில் கருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போனில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து நடுவில் கான்டாக்டர் என்ற, அதிக மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, அதை இயக்க மட்டும் டைமர் சுவிட்சைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அப்படிப் போட்ட பிறகும் கைடைமரை விட்டுவிடாதீர்கள். கையில் 17 நிமிடம், சுவிட்சில் 20 நிமிடம் என்று வையுங்கள். சம்ப்பில் தண்ணீர் குறைந்து கைடைமர் 10-க்கு இறங்கும் நாளில் சுவிட்சையும் 11-க்கு இறக்க வேண்டும். வழக்கமாக நீங்களே நிறுத்துவீர்கள், தவறிய நாளில் அது நிறுத்தும். சுவிட்சே நிறுத்துகிற நாட்கள் அடிக்கடி வர ஆரம்பித்தால் யார் கையில் கிளிப் இருந்தது என்று கேளுங்கள்.